சிறுநீர் வெள்ளையாப் போகுதுன்னு தேடற ஹாஸ்டல் பசங்க: எதை நம்பச் சொல்றது?

பவானிக்கரை (இழை தொடங்கியவர்)

வணக்கமுங்க. பெருந்துறைப் பக்கம் ஒரு தனியார் விடுதியைப் பார்த்துக்கறேன். பாதிப்பேர் காலேஜ் பசங்க, மீதிப்பேர் சிப்காட்டுல ஷிப்டுக்குப் போற பேச்சிலர்கள். ஒரு பையன் சம்மதத்தோட, பேர் ஊர் சொல்லாம இதைக் கேக்கறேன்.

வயசு 20. மத்தியானம் மெஸ்ல சாப்பிட்டுட்டு ஒண்ணுக்குப் போனா வெள்ளையாக் கலங்கலாப் போகுதாம். காலைல போறது தெளிவா இருக்காம். எரிச்சல், காய்ச்சல் ஒண்ணும் இல்லை. வாரத்துக்கு ரெண்டு தடவை தூக்கத்துல விந்து போகுது. ரெண்டையும் சேத்து "தாது கரைஞ்சு போகுது"ன்னு முடிவு பண்ணிட்டான். கூகுள்ல "சிறுநீரில் விந்து வெளியேறுதல் தீர்வு"ன்னு தேடி, ஒரு வீடியோ பார்த்து, அதுல இருந்த நம்பருக்கு வாட்ஸாப் பண்ணிருக்கான். 20 கேள்வி அனுப்பிப் பதில் வாங்கிட்டு, "மூன்றாம் நிலை நரம்புத் தளர்ச்சி, 3 மாத கோர்ஸ் 7,800 ரூபாய்"னு சொல்லிருக்காங்க. 2,000 முன்பணம் போட்டுட்டான். இப்ப உறுப்பைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்றாங்களாம். அங்கதான் பயந்து எங்கிட்ட வந்தான்.

அவனை ஏசறதுக்கு எனக்கு மனசு வரலை. ஆனா "அதெல்லாம் ஒண்ணுமில்ல போடா"ன்னு சொன்னா நம்ப மாட்டேங்கறான். அவன் கண்ணால பார்க்கற மாதிரி எதையாச்சும் காட்டணும். எங்க தேடறது, எப்படித் தேடறது, எது சரின்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? விசயம் தெரிஞ்சவங்க சொல்லுங்.

நெட்வொர்க் தம்பி

ரவுட்டர்ல இந்த மாதிரி சைட்டெல்லாம் பிளாக் பண்ணிரலாமுங்க. டிஎன்எஸ் ஃபில்டர்ல "அடல்ட்" வகையை டிக் பண்ணுனாப் போதும், 10 நிமிச வேலை. மாடல் நம்பர் சொன்னீங்கன்னா ஸ்டெப் ஸ்டெப்பா எழுதறேன்.

பவானிக்கரை

அது இல்லீங்க தம்பி. பசங்க ஆபாசம் பார்க்கறதைப் பத்தி நான் கேக்கலை. உடம்பு பத்தின சந்தேகத்துக்கு நல்ல பதில் எங்க கிடைக்கும்னு கேக்கறேன்.

நூலகத்தூண்

அந்த ஃபில்டர் போட்டா எதிர்மாறாத்தான் நடக்கும். சில ஃபில்டர்கள் பாலியல் நலம் பத்தின மருத்துவப் பக்கங்களையும் சேத்து அடைச்சிரும். மூலிகை விக்கறவனோட வீடியோ யூடியூப்ல இருக்கு, அது தாராளமா வரும். பிளாக் ஆகறது நல்ல பக்கம், நிக்கறது கெட்ட பக்கம். தேடற முறையைப் பத்தி நான் கீழ எழுதறேன். அதுக்கு முன்னாடி லேப்ல இருக்கறவங்க யாராச்சும் அந்த வெள்ளை என்னன்னு சொல்லட்டும்.

நுண்ணோக்கி

லேப் டெக்னீசியன்ங்க. பையன் கண்ணால பார்க்கணும்னு கேட்டீங்க, பார்க்க வெச்சிரலாம்.

முதல்ல ஒண்ணு கேளுங்க: வெள்ளையை எங்க பார்த்தான்? பாத்ரூம் தரையிலயா, பேசின்லயா? ஹாஸ்டல் கழிவறையில பினாயில் ஊத்திக் கழுவுவாங்க. பினாயில் மிச்சம் இருக்கற எடத்துல எந்தத் தண்ணி பட்டாலும் பால் மாதிரி வெளுக்கும், சிறுநீரும் அப்படித்தான். போர் தண்ணி உப்பு ஜாஸ்தியா இருக்கற எடத்துல தரை காஞ்சதும் வெள்ளையாப் படியும். அதையும் "விந்து காய்ஞ்சிருக்கு"ன்னு பசங்க நினைச்சுக்கறாங்க. அதனால தரையைப் பார்த்து எதையும் முடிவு பண்ணக் கூடாது.

ரெண்டு கண்ணாடி டம்ளர் எடுத்துக்கச் சொல்லுங்க. யூஸ் அண்ட் த்ரோ பிளாஸ்டிக்னாலும் பரவால்ல, வெளிய தெரியற மாதிரி இருக்கணும். மத்தியானம் சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு, முதல்ல வர்றதைக் கீழ விட்டுட்டு நடுவுல வர்றதை ரெண்டுலயும் அரை அரை டம்ளர் பிடிக்கணும். டம்ளருக்குப் பின்னாடி அச்சடிச்ச பேப்பரை வெச்சுப் பார்த்தா எழுத்து மங்கலாத் தெரியும், அதுதான் கலங்கல். ஒரு டம்ளர்ல மட்டும் மெஸ்ல ஃப்ரைடு ரைஸுக்கு வெச்சிருக்கற வெள்ளை வினிகர் ஒரு ஸ்பூன் ஊத்தி மெதுவா ஆட்டச் சொல்லுங்க. ஒரு நிமிசத்துல எழுத்து பளிச்சுன்னு தெரிஞ்சா அது பாஸ்பேட் உப்பு. இன்னொரு டம்ளர் அப்படியே கலங்கலா நிக்கும், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்கலாம். எலுமிச்சம்பழம் வேண்டாம், அந்தச் சாறே கலங்கலா இருக்கும்.

சாப்பிட்டதும் வயித்துல அமிலம் சுரக்குது. அந்த நேரத்துக்கு ரத்தத்துல காரம் சித்த ஏறும், அதை வெளியேத்தச் சிறுநீரும் காரமாகும். காரமான சிறுநீர்ல பாஸ்பேட் கரையாது, பொடியாப் பிரிஞ்சு வெள்ளையாத் தெரியும். பால், தயிர், பயறு நெறையச் சாப்பிட்டுத் தண்ணி கம்மியாக் குடிச்சா இன்னும் ஜாஸ்தி தெரியும். காலைல தெளிவு, மத்தியானம் கலங்கல்னு அவன் சொல்றதே இதுக்குப் பொருந்துது.

வினிகர் ஊத்தியும் தெளியலைன்னா சீழ் அணுவா, சளியா, வேற ஏதாச்சுமான்னு பார்க்கணும். அதுக்கு யூரின் ரொட்டீன் எடுக்கணும். மைக்ராஸ்கோப்ல ஒரு பார்வைப் பரப்புக்கு 5க்கு மேல சீழ் அணு இருந்தா டாக்டர்கிட்டப் போகணும். எரிச்சல், நாத்தம், காய்ச்சல் இருந்தா வினிகர் வேலையெல்லாம் வேண்டாம், நேரா டெஸ்ட்டுக்குப் போயிருங்க.

பழனிமலைப் பாதை

லேப் அக்கா சொல்றது சரி, ஆனா முழுசா இல்லை. விந்து சிறுநீர்ல போகவே போகாதுன்னு சொல்ல முடியாது. அடிக்கடி கைப்பழக்கம் இருந்தா விந்து நீர்த்துப் போகும், அதுதான் ஒழுகும். 40 சொட்டு ரத்தம் ஒரு சொட்டு விந்துன்னு பெரியவங்க சும்மா சொல்லலை. பையனுக்குச் சத்துக் குறைஞ்சிருக்கு.

நுண்ணோக்கி

ஏனுங்க, நீங்க சொன்னதுல சரியான பாதியை முதல்ல சொல்றேன். விந்து வெளியேறுன பின்னாடி சிறுநீர்க்குழாய்ல மிச்சம் தங்கும். அடுத்த தடவை ஒண்ணுக்குப் போறப்ப அது கழுவிட்டு வரும், மைக்ராஸ்கோப்ல உயிரணு தெரியும். அது நோய் இல்லை. உச்சத்துல வெளிய ஒண்ணுமே வராம, பொறவு போற சிறுநீர் மட்டும் கலங்கலா இருந்தா விந்து பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குப் போகுதுன்னு சந்தேகப்படணும். ரொம்ப நாள் சர்க்கரை நோய் இருக்கறவங்களுக்கும், புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் மாதிரி மாத்திரை எடுக்கறவங்களுக்கும் அப்படி வரும். இந்தப் பையனுக்குத்தான் தூக்கத்துல வெளிய வருதே. அதனால அது இல்லை.

நீர்த்துப் போறதும் பாதி சரி. தெனம் வெளியேத்துனா அளவும் உயிரணு எண்ணிக்கையும் தற்காலிகமாக் குறையும். அதனாலதான் விந்துப் பரிசோதனைக்கு 2 நாள்ல இருந்து 7 நாள் வரைக்கும் இடைவெளி விட்டு வரச் சொல்றோம். அந்த இடைவெளியிலயே பழையபடி ஆயிரும்.

இன்னொண்ணு, பசங்க விந்தை எப்பப் பார்க்கறாங்கன்னு கேளுங்க. வந்ததும் அது பசை மாதிரிக் கெட்டியா இருக்கும். 15 நிமிசத்துல இருந்து அரை மணிக்குள்ள தானா நீர்த்துத் தண்ணியா ஆகும். ஒரு மணி நேரமாகியும் ஆகலைன்னாதான் நாங்க ரிப்போர்ட்ல குறிப்போம். லேட்டாப் பார்த்தவன் "தண்ணியாயிருச்சு"ன்னு பயப்படறான். தண்ணியாகறதுதான் நல்ல அறிகுறி.

மருந்துக்கடை

40 சொட்டுக் கணக்குக்கு ஒரு பதில் கணக்கு. விந்து ரத்தத்தைக் காய்ச்சி எடுக்கறது இல்லீங்க. மூணுல ரெண்டு பங்குக்குக் கிட்ட விந்துப்பையில இருந்தும், மீதியில பெரும்பங்கு புராஸ்டேட்ல இருந்தும் வர்ற நீர் அது. உயிரணு அதுல ரொம்பக் கொஞ்சம். 100 மில்லியில ஏறத்தாழ 5 கிராம் புரதம். ஒரு தடவைக்கு 3 மில்லின்னு வெச்சாக்கூட 0.15 கிராம்தான். ஒரு கோழி முட்டையில சுமார் 6 கிராம் இருக்கு. ஆக ஒரு முட்டையில இருக்கற புரதம் 40 தடவைக்கு ஆச்சு. அதே 40, ஆனா தலைகீழ்.

பழனிமலைப் பாதை

கணக்கு அழகா இருக்கு. ஆனா சத்துன்னா புரதம் மட்டும்தானா? பையன் சோர்வா இருக்கான்னா காரணம் இருக்கணுமில்ல.

பவானிக்கரை

சோர்வு இருக்கறது உண்மைதானுங்க. எப்பவும் களைப்பு, படிப்புல கவனம் இல்லைங்கறான்.

நூலகத்தூண்

அந்த 20 கேள்வியைக் கொஞ்சம் பார்க்கலாமா? என்னென்ன கேட்டாங்கன்னு எழுத முடியுமா?

பவானிக்கரை

அவன் போன்ல பார்த்து எழுதறேன். முதுகுவலி உண்டா, கண்ணுக்குக் கீழ கருமை உண்டா, மறதி உண்டா, காலைல எழுந்தா களைப்பு உண்டா, பெண்களிடம் பேசக் கூச்சம் உண்டா, இடது விரை கீழே தொங்குகிறதா, உறுப்பு சற்று வளைந்துள்ளதா, மலம் கழிக்கும்போது சொட்டுகிறதா. மத்ததும் இதே ரகம்தான்.

நூலகத்தூண்

இதைத்தான் எதிர்பார்த்தேன். இதுல எந்தக் கேள்விக்கு ஒரு ஹாஸ்டல் பையன் "இல்லை"ன்னு சொல்லுவான்? ராத்திரி 2 மணி வரைக்கும் போன் பார்க்கறவனுக்குக் கண்ணுக்குக் கீழ கருமை இருக்கும். பெரும்பாலான ஆம்பளைங்களுக்கு இடது விரைதான் சித்தக் கீழ இருக்கும். எல்லாருக்கும் பொருந்தற கேள்வியால யாருக்கும் நோய் கண்டுபிடிக்க முடியாது. ஒரு பக்கத்தை நம்பலாமா வேண்டாமான்னு பார்க்கறதுக்கு என் முதல் சோதனை இதுதான்: "எது இருந்தா இந்த நோய் இல்லை"ன்னு அந்தப் பக்கம் எங்கயாச்சும் சொல்லுதா? மருத்துவர் எழுதுன பக்கம் சொல்லும். விக்கறவன் பக்கம் சொல்லவே சொல்லாது.

இப்ப தேடற விதம். அவன் போட்ட சொற்களைப் பாருங்க, "சிறுநீரில் விந்து வெளியேறுதல் தீர்வு". பார்த்தது வெள்ளை. விந்துங்கறது அவனோட ஊகம். ஊகத்தையே தேடல் பெட்டியில போட்டா, அதே ஊகத்தை வெச்சு வியாபாரம் பண்றவன்தான் முதல்ல வருவான். கடைசியில "தீர்வு"ன்னு சேத்ததும் கடைத்தெருவுக்குள்ள போன மாதிரி. தாது நஷ்டம், நரம்புத் தளர்ச்சி, சொப்பன ஸ்கலிதம், ஆண்மைக் குறைவுன்னு தமிழ்ல எது போட்டாலும் இதே கதைதான், அந்தச் சொற்களை வியாபாரிங்கதான் பிடிச்சு வெச்சிருக்காங்க. பார்த்ததை மட்டும் போடணும்: நிறம், நேரம், வலி உண்டா இல்லையா.

தமிழ்ல நல்ல பக்கம் கொஞ்சம்தான். அதனால தேடலைக் குறிப்பிட்ட தளத்துக்குள்ள அடைச்சுப் போடறது உத்தமம்:

```
urine abnormal color site:medlineplus.gov
ejaculation problems site:nhs.uk
dhat syndrome site:ncbi.nlm.nih.gov
```

`site:` போட்டதும் இடைவெளி விடக் கூடாது. விட்டா அது வெறும் சொல்லாயிரும், மறுபடியும் கண்ட பக்கமும் வரும். பசங்க பாதிப்பேர் இங்கதான் தப்பு பண்றாங்க. முதல் ரெண்டு தளமும் அமெரிக்க, பிரிட்டன் அரசு சார்ந்த மருத்துவத் தளங்கள். எளிய ஆங்கிலம், கீழ எந்தத் தேதியில சரிபார்த்தாங்கன்னு இருக்கும். மூணாவது ஆராய்ச்சிக் கட்டுரைகள். சுருக்கத்தை மட்டும் படிச்சாப் போதும்.

மொழி தடைன்னா பிரவுசர்லயே மொழிபெயர்க்கலாம். ஆனா சில எடத்துல சொல் பிசகும், அதனால மருந்து பேரு, அளவு வர்ற வரியை மட்டும் ஆங்கிலத்துலயே பார்த்துக்கணும்.

ஒரு எச்சரிக்கை. முதல் தேடல்ல வர்ற பக்கம் கலங்கல் சிறுநீருக்கு முதல் காரணமாத் தொற்றைத்தான் சொல்லும். படிக்கறவன் அங்கயே நின்னு பயந்துருவான். அடுத்த வரியில "உப்புப் படிகம்"னும் இருக்கும். காரணங்களை வரிசையாப் படிச்சு, எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லைன்னு தனக்கு இல்லாததை அடிச்சுட்டு வரணும்.

நெட்வொர்க் தம்பி

நான் முன்னாடி தப்பாப் புரிஞ்சுட்டேன், மன்னிச்சுக்குங்க. இதுல எனக்குத் தெரிஞ்சது ஒண்ணு இருக்கு. பசங்க பொட்டாட்ட இன்காக்னிட்டோவுல தேடுனா யாருக்கும் தெரியாதுன்னு நினைக்கறாங்க. போன்ல ஹிஸ்டரி நிக்காது, அவ்ளோதான். ஹாஸ்டல் வைஃபை பார்க்கறவனுக்கு எந்தத் தளத்துக்குப் போனாங்கன்னு தெரியலாம், தளத்துக்குள்ள எந்தப் பக்கம் படிச்சாங்கன்னு தெரியாது. கூச்சமா இருந்தா மொபைல் டேட்டாவுல பார்க்கட்டும். அந்த வீடியோவை ஒரு தடவை முழுசாப் பார்த்துட்டா யூடியூப் அதே ரகத்தை வரிசையாக் கொண்டாந்து கொட்டும். வாட்ச் ஹிஸ்டரியில போயி அந்த வீடியோவை அழிச்சு, வர்றதுக்கெல்லாம் `Not interested` அழுத்துனா கொஞ்ச நாள்ல அடங்கும். கூகுள்ல மேல `Sponsored`னு போட்டிருக்கறது காசு கொடுத்து வாங்குன எடம், அதை எல்லாரும் பதில்னு நினைச்சு அமுக்கறாங்க.

இட்டேரி

எனக்கும் அந்த இடது பக்கம் கீழ தொங்கற விசயம் இருக்குங்க. வயசு 24. பயப்பட வேண்டியதில்லையா? சில சமயம் நின்னுட்டே வேலை செஞ்சா கனமா இருக்கற மாதிரியும் தெரியுது.

நுண்ணோக்கி

தொங்கறது மட்டும்னா இயல்பு. கனமா இருக்குன்னு சொல்றதால டாக்டர்கிட்டக் காட்டிருங்க. நின்னுட்டுத் தொட்டுப் பார்த்தா விரைக்கு மேல புழுக்கூட்டம் மாதிரி நரம்பு நெளியுதா, படுத்தா அது அடங்குதான்னு பார்ப்பாங்க. ரத்தக்குழாய் வீக்கமா இருக்கலாம். அவசரம் ஒண்ணும் இல்லை, எல்லாருக்கும் ஆபரேசனும் தேவைப்படாது. ஆனா படுத்தாலும் அடங்காத வீக்கம், விரையில கெட்டியாக் கல் மாதிரிக் கட்டி, இதெல்லாம் இருந்தா தள்ளிப்போடக் கூடாது.

மருந்துக்கடை

இதோட ஒண்ணு சேத்துச் சொல்லியே ஆகணும், ஹாஸ்டல் வெச்சிருக்கறவர் படிச்சுக்குங்க. திடீர்னு ஒரு பக்க விரையில தாங்க முடியாத வலி, வாந்தி, விரை மேல ஏறி நிக்குதுன்னா அது முறுக்கிக்கிட்டதா இருக்கலாம். ரத்தம் நின்னுரும். சுமார் 6 மணி நேரத்துக்குள்ள அறுவைசிகிச்சை செஞ்சா பெரும்பாலும் காப்பாத்திரலாம், நேரம் போகப் போக விரையை எடுக்கற நிலைமை வரும். பசங்க கூச்சப்பட்டு ராத்திரி பூரா போன்ல தேடிட்டு, விடிஞ்சு வலிமாத்திரை கேட்டுக் கடைக்கு வர்றாங்க. இதுக்குத் தேடக் கூடாது, 108 கூப்பிட்டு அவசரப் பிரிவுக்குப் போகணும்.

பவானிக்கரை

இது எனக்குத் தெரியாதுங்க. நோட்டீஸ் போர்டுல எழுதிப் போட்டர்றேன். அப்புறம் அந்த "மலம் கழிக்கும்போது சொட்டுவது"? அதுதான் பையனை ரொம்ப அசைச்சிருக்கு, ரெண்டு தடவை அப்படி ஆச்சாம்.

நுண்ணோக்கி

மலச்சிக்கல் இருக்கும், முக்கியிருப்பான். புராஸ்டேட் மலக்குடலுக்கு ஒட்டி முன்னாடி இருக்குது. முக்கறப்ப அது அமுங்கி ரெண்டு சொட்டுக் கண்ணாடி மாதிரி வழவழப்பா வரும். அவ்ளோதான். மைதா பரோட்டா, தண்ணி குடிக்காத ஷிப்ட், இதுதான் காரணம்.

மஞ்சளாக் கெட்டியா, ஜட்டியில கறையாகி, எரிச்சலோட தெனமும் வந்தா அது வேற. பாதுகாப்பில்லாம உறவு வெச்சு 2 நாள்ல இருந்து ஒரு வாரத்துக்குள்ள அப்படி வந்தா கொனோரியாவான்னு பார்க்கணும். அரசு ஆஸ்பத்திரியில பால்வினை நோய்ப் பிரிவு இருக்கு, பெருந்துறையில அரசு மருத்துவக் கல்லூரியே பக்கத்துல. எச்ஐவி சந்தேகத்துக்கு 1097 இலவசம், தமிழ்லயும் பேசலாம்.

பழனிமலைப் பாதை

எல்லாரும் சேந்து சித்த மருத்துவத்தை ஏசற மாதிரி இருக்கு. முறையாப் படிச்ச சித்த மருத்துவர் இந்தப் பிரச்சினைக்கு நல்லாவே வைத்தியம் பார்ப்பார்.

மருந்துக்கடை

படிச்ச சித்த மருத்துவரை யாருமே ஏசலீங்க. ஐந்தரை வருசம் படிச்சு, கவுன்சில்ல பதிவு செஞ்சு, ஒரு ஊர்ல ஒரு எடத்துல உக்காந்து, நாடி பார்த்துச் சீட்டு எழுதறவர் வேற. மாசத்துல ஒரு சனிக்கிழமை ஈரோடு, அடுத்த சனி பொள்ளாச்சின்னு லாட்ஜ் ரூம் எடுத்து உக்கார்றவன் வேற. வாட்ஸாப் நம்பரை மட்டும் வெச்சிருக்கறவன் இன்னும் வேற. முதலாமவர்கிட்டத் தப்பு நடந்தா போயிக் கேக்க எடம் இருக்கு.

பார்க்கறது சுலபம். பேரும் பதிவு எண்ணும் கேளுங்க. எம்.பி.பி.எஸ்.னா `nmc.org.in` தளத்துல பதிவேட்டுல தேடலாம். சித்தா, ஆயுர்வேதத்துக்குத் தனித்தனிக் கவுன்சில். எண் தர மறுத்தா பேச்சு அங்கயே முடிஞ்சுது. "ஆயுஷ் அங்கீகாரம்"னு டப்பால போட்டிருக்கறது மருந்து தயாரிக்க வாங்குன லைசென்சைக் குறிக்கலாம். அந்த ஆள் மருத்துவர்ங்கறதுக்கும், அந்த மருந்து இந்த நோயைத் தீர்க்கும்ங்கறதுக்கும் அது சாட்சி ஆகாது.

சட்டமும் இருக்கு. 1954ல வந்த மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டப்படி, உடலுறவு இன்பத் திறனைக் கூட்டறதா எந்த மருந்துக்கும் விளம்பரம் பண்ணக் கூடாது. மூலிகைக்கும் சேத்துத்தான். முதல் தடவைக்கு 6 மாசம் வரைக்கும் சிறை. பஸ் ஸ்டாண்ட் கழிப்பறைச் சுவர்ல இன்னும் போஸ்டர் ஒட்டறானே, எப்படின்னு கேக்காதீங்க.

அந்தப் பொட்டலம் வந்தா சாப்பிட விடாதீங்க. மூலிகைன்னு விக்கற சிலதுல சில்டெனாஃபில் கலந்திருக்கறதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை திரும்பத் திரும்பப் பிடிச்சு எச்சரிச்சிருக்கு. சாப்பிட்ட ஒரு மணி நேரத்துல முகம் சிவக்குது, தலைவலிக்குது, மூக்கடைக்குதுன்னா "மருந்து வேலை செய்யுது"ன்னு பையன் நினைச்சுக்குவான். நெஞ்சுவலிக்கு நாக்குக்கடியில வைக்கற மாத்திரை எடுக்கற ஆள் அதைச் சாப்பிட்டா ரத்த அழுத்தம் சரிஞ்சு உயிருக்கே ஆபத்து.

பழனிமலைப் பாதை

பதிவு எண் கேக்கறது நல்ல யோசனை, அதை ஒத்துக்கறேன். ஆனா சோர்வுக்குப் பதில் இன்னும் யாரும் சொல்லலை.

நுண்ணோக்கி

சொல்லலைங்கறது சரிதான். ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு பார்க்கலாம். ஷிப்ட் தூக்கம் சரியில்லையான்னு கேக்கலாம். எல்லாம் சரியா வந்தா மனசுப் பக்கம் பார்க்கணும். விந்து போறதாலதான் உடம்பு போச்சுன்னு நம்பிச் சோர்ந்து போறதுக்கே ஒரு பேரு இருக்கு, டாட் சிண்ட்ரோம். 1960ல டாக்டர் என்.என். விக் வெச்ச பேரு. டாட்ங்கறது நம்ம "தாது"வேதான். நூலகத்தார் மூணாவதா எழுதுன தேடல் அதுக்குத்தான். சோர்வு நெசம், ஆனா காரணம் விந்து இல்லை. சில பேருக்கு விளக்கிச் சொன்னாலே தேறிருது. சில பேருக்கு மனச்சோர்வு தனியா இருக்கும், அதுக்கு மருந்து வேணும். எந்தப் பையன் எந்த வகைன்னு நேர்ல பார்க்காம சொல்ல முடியாது. 14416ல டெலி மானஸ் இருக்கு, தமிழ்ல பேசலாம், பேர் சொல்லணும்னு இல்லை.

பவானிக்கரை

நேத்து வினிகர் வெச்சுப் பார்த்தோமுங்க. அவனே ஊத்துனான். ஆட்டி முடிக்கறதுக்குள்ள பின்னாடி இருந்த தினத்தாள் எழுத்து தெரிஞ்சுது. சித்த நேரம் ரெண்டு டம்ளரையும் மாத்தி மாத்திப் பார்த்துட்டு நின்னான். யூரின் ரொட்டீனும் எடுத்தாச்சு, சீழ் அணு 1-2, சர்க்கரை இல்லை. ஆனா ராத்திரி மறுபடியும் வந்து "அண்ணா, இது பாஸ்பேட்டுன்னே இருக்கட்டும், தூக்கத்துல போறது?"ன்னு கேக்கறான். இன்னும் முழுசா நம்பலை.

ரெண்டு விசயம் பாக்கி. வி.பி.பி. பார்சல் அனுப்பிட்டோம், 5,800 கட்டி எடுத்துக்கோன்னு மெசேஜ் வந்திருக்கு, எடுக்கலைன்னா வீட்டுக்குச் சொல்லுவோம்னு மிரட்டறாங்க. போட்ட 2,000 திரும்ப வருமா?

நெட்வொர்க் தம்பி

போட்டோ எதுவும் அனுப்பலைதானே? அனுப்பலைன்னா அவங்க கையில மிரட்டறதுக்குச் சரக்கு கம்மி. வாட்ஸாப்ல பேசுனதை அழிக்க வேண்டாம், முதல்ல ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுட்டுப் பொறவு பிளாக் பண்ணுங்க. யுபிஐ ஆப்ல அந்தப் பணப்பரிமாற்றத்தைத் திறந்தா 12 இலக்க யுடிஆர் எண் இருக்கும், அதோட 1930க்குக் கூப்பிட்டுப் புகார் கொடுங்க, இல்லைன்னா `cybercrime.gov.in`. பணம் போட்டு எத்தனை நாளாச்சு? சீக்கிரம் சொன்னாத்தான் அந்தக் கணக்குல பணம் நிக்கறப்பவே முடக்க முடியும்.

மருந்துக்கடை

வி.பி.பி.யை வாங்கியே ஆகணும்னு எந்தக் கட்டாயமும் இல்லை. போஸ்ட்மேன்கிட்ட "மறுக்கிறேன்"னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பிரலாம். பையன் ஷிப்ட்ல இருக்கறப்ப ரூம்மேட் யாராச்சும் நல்லது பண்றதா நினைச்சுக் காசு கட்டி வாங்கிராம பார்த்துக்குங்க.

தூக்கத்துல போறதுக்கு: எவ்வளவு நாளைக்கு ஒருக்கான்னு கணக்குக் கிடையாதுன்னு சொல்லுங்க. சிலருக்கு வாரத்துக்கு ரெண்டு, சிலருக்கு மாசத்துக்கு ஒண்ணு, சிலருக்கு வர்றதே இல்லை. நிறுத்தறதுக்கு மருந்து எதுவும் தேவையில்லை. முட்டைக் கணக்கை மறுபடி ஒருக்காச் சொல்லிப் பாருங்க.

பவானிக்கரை

பணம் போட்டு 9 நாளாச்சுங்க. இருந்தாலும் நாளைக் காலைல 1930க்குப் போட்டுப் பார்க்கறேன். பார்சல் விசயத்தை ரூம்மேட்டுகிட்ட இப்பவே சொல்லி வெச்சர்றேன்.